விடுகிற இரும்பு, பிடிக்கிற இரும்பு

கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறைக்கும் வெல்டிங் கடைக்கும் இடையே இருக்கிறது அந்த மோட்டார் வைண்டிங் கடை. அதை நடத்துபவர் பத்தொன்பது வயதில் எடுபிடியாகச் சேர்ந்து காயில் சுற்றப் பழகியவர்; இப்போது அறுபதைத் தாண்டிவிட்டார். கடையில் எல்லோருக்கும் அவர் மேஸ்திரி. புதிதாக ஒரு பையன் வேலைக்கு வந்தால் முதல் நாளே செம்புக் கம்பியைக் கையில் கொடுக்கமாட்டார். ஒரு பழைய ஹேக்ஸா பிளேடையும், ஓட்டை மோட்டாரின் ஸ்டாம்பிங் தகட்டிலிருந்து அதே அகலத்துக்கு வெட்டிய ஒரு துண்டையும் எடுத்து மேசைமேல் வைப்பார். இரண்டும் இரும்புதான். பார்வைக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

உடைந்த ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தால் இரண்டையும் ஒரே திசையில் பத்துத் தடவை தேய்க்கச் சொல்வார். பிறகு இரண்டையும் குண்டூசிக் குவியலில் நுழைத்து எடுக்க வேண்டும். பிளேடின் நுனியில் ஊசிகள் கொத்தாகத் தொங்கும். ஸ்டாம்பிங் துண்டில் ஒன்றோ இரண்டோ ஒட்டும்; லேசாகத் தட்டினால் அதுவும் விழும். இப்போது ஸ்டாம்பிங் துண்டின் மறுமுனையில் காந்தத்தை வைத்தால் ஊசிகள் தாவி வந்து தொங்கும், பிளேடில் தொங்கியதைவிட அதிகமாகவே. காந்தத்தை எடுத்ததும் பொலபொலவென்று உதிர்ந்துவிடும்.

"எது நல்ல இரும்பு?" என்று கேட்பார். முக்கால்வாசிப் பேர் பிளேடைக் காட்டுவார்கள்.

"மோட்டாருக்குள்ள அதைப் போட்டா என்ன ஆகும்னு தெரியுமா?" என்பதுதான் அடுத்த கேள்வி. அதற்கான பதிலைச் சொல்ல அவருக்கு ஒரு வாரம் பிடிக்கும்.

கடையின் மூலையில் ஒரு குரோலர் இருக்கிறது. தகடுகளை அடுக்கி மேலே பள்ளம் வைத்துச் செய்த ஒரு கட்டை, அதில் சுற்றிய காயில், ஒரு சுவிட்ச், அவ்வளவுதான். சுவிட்சைப் போட்டால் உறுமும். பெயரே அதனால் வந்தது. மிக்ஸி ஆர்மேச்சரைப் பள்ளத்தில் வைத்து, மேலே ஹேக்ஸா பிளேடைப் பிடித்துக்கொண்டே உருட்டினால், ஷார்ட் ஆன காயில் இருக்கும் இடத்தில் பிளேடு படபடவென்று அடிக்கும். தினசரி வேலை அது. மேஸ்திரி அதை இன்னொன்றுக்கும் பயன்படுத்துவார். காந்தம் ஏறிப்போன பிளேடை ஓடுகிற குரோலரின்மேல் வைத்து, மெல்ல மெல்லப் பின்னுக்கு இழுத்து, ஒரு கை நீளம் விலகியபிறகு சுவிட்சை அணைப்பார். பிளேடு அதன்பின் ஒரு ஊசியைக்கூட எடுக்காது.

ஒரு பையன் இதைப் பார்த்துவிட்டுத் தானும் செய்தான். அவசரக்காரன், பிளேடு குரோலர்மேல் இருக்கும்போதே சுவிட்சை அணைத்துவிட்டான். ஊசிகள் மறுபடியும் கொத்தாக ஒட்டின. மெஷின் சரியில்லை என்று நினைத்தான். மேஸ்திரி சாக்பீஸை எடுத்துச் சுவரில் ஒரு படம் போட்டார்.

கிடைக்கோடு, காயிலில் ஓடும் கரண்ட். அதாவது நாம் இரும்பைக் காந்தமாக்கக் கொடுக்கும் உந்துதல். செங்குத்துக்கோடு, இரும்பு உண்மையில் எவ்வளவு காந்தமானது என்பது. கரண்டைக் கூட்டினால் இரும்பின் காந்தம் ஏறும். ஒரு கட்டத்தில் இனி ஏற இடமில்லை என்று நின்றுவிடும். கரண்டைக் குறைத்தால் வந்த வழியே இறங்காது, பின்தங்கி இறங்கும். கரண்ட் சுழியைத் தொட்டபோதும் இரும்பில் கொஞ்சம் காந்தம் மிச்சமிருக்கும். பாடப்புத்தகம் அதைக் காந்தத் தேக்குத்திறன் என்கிறது. அந்த மிச்சத்தைத் துடைக்க எதிர்த்திசையில் கரண்ட் விட வேண்டும். எவ்வளவு எதிர்ப்புலம் கொடுத்தால் மிச்சம் சுழியாகிறதோ அது காந்த நீக்குத்திறன். இன்னும் எதிர்ப்பக்கம் போய், திரும்பி வந்தால் ஒரு வளையம் முடிகிறது. ஜேம்ஸ் ஆல்ஃபிரட் யூயிங் 1880களின் தொடக்கத்தில் டோக்கியோவில் வேலை பார்த்தபோது இந்தப் பின்தங்கலுக்குக் கிரேக்கச் சொல்லிலிருந்து ஹிஸ்டெரிசிஸ் என்று பெயர் வைத்தார். தமிழில் காந்தத் தயக்கம். தமிழ்ப்பெயர்தான் காரியத்தைச் சரியாகச் சொல்கிறது என்பது மேஸ்திரியின் கட்சி.

குரோலரில் கரண்ட் வினாடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் போகிறது. மேலே வைத்த பிளேடு வினாடிக்கு 50 வளையம் போடுகிறது. மெல்ல விலக்கினால் வளையம் சிறுத்துச் சிறுத்துச் சுழியில் வந்து அடங்கும். சட்டென்று அணைத்தால், அந்த நொடியில் வளையத்தின் எந்த இடத்தில் இருந்ததோ அதற்கேற்ற மிச்சத்தோடு பிளேடு நின்றுவிடும். பையன் அணைத்தபோது பிளேடு மேட்டில் இருந்திருக்கிறது.

சரி, இரும்பு ஏன் தயங்குகிறது? இதற்கு மேஸ்திரி சொல்வது ஒரு பள்ளிக்கூட வாத்தியாரிடம் கற்ற பாடம். கிரைண்டர் மோட்டார் சுற்றக் கொண்டுவந்த அந்த இயற்பியல் ஆசிரியர், கூடவே ஒரு காயிலும் சுற்றித் தரச் சொன்னார். பென்சில் தடிமனுள்ள குழாயில், தலைமுடியைவிட மெல்லிய கம்பியில் சில ஆயிரம் சுற்றுகள். கம்பி இரண்டு தடவை அறுந்து மூன்றாவது தடவைதான் முடிந்தது. ஆசிரியர் அந்தக் காயிலை ஒரு ஆம்ப்ளிஃபயரில் இணைத்தார். குழாய்க்குள் ஒரு மெல்லிய இரும்புக் கம்பியை நுழைத்து, ஒரு காந்தத்தை மிக மெதுவாக அருகே கொண்டுவந்தார். ஸ்பீக்கரில் அரிசியைச் சுளகில் கொட்டுவதுபோல் ஒரு சரசரப்பு. காந்தத்தை நகர்த்தாமல் நிறுத்தினால் சத்தமும் நின்றது. கம்பியை உருவி எடுத்துவிட்டுக் காந்தத்தை ஆட்டினால் சத்தமே இல்லை.

1919-இல் ஹைன்ரிக் பார்க்ஹவுசன் கேட்டது இந்தச் சத்தத்தைத்தான். அதற்கு 12 ஆண்டுகள் முன்பு, 1907-இல், பியர் வைஸ் ஒரு கருத்தைச் சொல்லியிருந்தார்: இரும்பு எப்போதுமே உள்ளுக்குள் முழுக் காந்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரிந்து, ஒவ்வொரு பகுதியும் ஒவ்வொரு திசையைப் பார்த்து நிற்பதால் வெளியே ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. அந்தப் பகுதிகள்தான் டொமைன்கள். ஒரு டொமைனுக்குள் பக்கத்துப் பக்கத்து அணுக்கள் ஒரே திசையில் நிற்கும்படி ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றன. இந்தப் பிடிப்பு இருக்கிற பொருள்தான் ஃபெர்ரோ காந்தப் பொருள்: இரும்பு, நிக்கல், கோபால்ட் போல. இரும்பை 770 டிகிரி செல்சியசுக்குமேல் சூடாக்கினால் அணுக்களின் ஆட்டம் பிடிப்பைவிட மிஞ்சிவிடும்; காந்தம் அதைத் தொட்டும் பார்க்காது.

ஆக, வெளியிலிருந்து காந்தம் கொண்டுவந்தால் இரும்புக்குப் புதிதாகக் காந்தசக்தி எதுவும் ஊட்டப்படுவதில்லை. சரியான திசையில் நிற்கும் டொமைன் பெருக்கிறது, பக்கத்து டொமைன் சுருங்குகிறது. வயலில் வரப்பு நகர்வதுபோல் இரண்டுக்கும் நடுவேயுள்ள சுவர் நகர்கிறது. இரும்புக்குள் அழுக்கும் கார்பன் துகளும் படிகக் குறைகளும் இல்லாவிட்டால் சுவர் வழுக்கிக்கொண்டு போகும். இருந்தால் ஒவ்வொன்றிலும் சிக்கி, இழுபட்டு, சட்டென்று விடுபட்டுத் தாவும். சுளகில் அரிசி கொட்டிய சத்தம் அந்தத் தாவல்களின் கூட்டம். ஒவ்வொரு தாவலிலும் கொஞ்சம் சூடு பிறக்கிறது. ஒரு வளையத்தின் பரப்பளவுதான் ஒரு சுற்றுக்கு இரும்பு தின்று சூடாக்கிவிடும் சக்தி.

ஹேக்ஸா பிளேடு கடினப்படுத்திய எஃகு. கார்பனும் உள்ளிறுக்கமும் நிறைந்தது. சுவர்கள் அடிக்கு அடி சிக்கும். அதனால்தான் அது காந்தத்தைப் பிடித்துவைக்கிறது. மோட்டார் ஸ்டாம்பிங் சிலிக்கான் எஃகு. கார்பனைக் கிட்டத்தட்ட முழுவதும் எடுத்துவிட்டு, 3 சதவீதம்வரை சிலிக்கான் சேர்த்து, படிகங்கள் பெரிதாகும்படி பதப்படுத்தியது. சுவர்கள் தங்குதடையில்லாமல் போகும். கணக்கில் சொன்னால், கடினப்படுத்திய கார்பன் எஃகின் காந்த நீக்குத்திறன் மீட்டருக்குச் சுமார் 4,000 ஆம்பியர். சாதாரண மோட்டார் ஸ்டாம்பிங்குக்கு ஐம்பதை ஒட்டி.

பையன்களிடம் கேட்ட கேள்விக்கு மேஸ்திரி இப்போது பதில் சொல்வார். 10 ஹெச்.பி. மோட்டார் ஸ்டேட்டரின் முதுகுப்பகுதியில் மட்டும் ஏறக்குறைய 15 கிலோ இரும்பு உண்டு. அது வினாடிக்கு 50 வளையம் போடுகிறது. பிளேடு எஃகில் அதைச் செய்தால், வளையத்தின் பரப்பைத் தோராயமாகக் கணக்கிட்டாலே கிலோவுக்கு 90 வாட் சூடு வரும். 15 கிலோவுக்கு 1,350 வாட். சுமையே இல்லாமல், சும்மா சுற்றும்போதே, ஒரு இஸ்திரிப்பெட்டியை மோட்டாருக்குள் வைத்ததற்குச் சமம். ஸ்டாம்பிங்கில் தயக்கத்தால் வரும் சூடு கிலோவுக்கு 2 வாட் அளவுதான்.

ஆனால் நல்ல ஸ்டாம்பிங்கையும் கெடுக்க முடியும். அதை மேஸ்திரி தன் கையாலேயே நிறையச் செய்திருக்கிறார். இதைச் சொல்லும்போது அவர் குரல் தணிந்துவிடும்.

எரிந்த மோட்டாரைச் சுற்றுவதற்கு முன் பழைய காயிலை உருவ வேண்டும். வார்னிஷ் ஊறிக் கல்லாகிப்போன காயில் குளிர்ந்த நிலையில் வராது. அவர் தொழில் பழகிய காலத்தில் வழி ஒன்றுதான்: ஸ்டேட்டரைக் கடைவாசலில் போட்டு, தேங்காய் மட்டையும் மண்ணெண்ணெயும் விட்டுக் கொளுத்துவது. இரும்பு செக்கச்செவேல் என்று ஆனால் காயில் சுலபமாக உருவும். அன்று அது சாமர்த்தியம்.

சில ஆண்டுகளுக்கு முன் அன்னூர்ப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி 10 ஹெச்.பி. கிணற்று மோட்டாரைக் கொண்டுவந்தார். வேறு இடத்தில் ஏற்கெனவே மூன்று தடவை சுற்றியது. மேஸ்திரி நான்காவது தடவை சுற்றினார். மூன்று பேஸ் ரெசிஸ்டன்சும் ஒன்றுபோல் இருந்தது. மெக்கரும் நன்றாகக் காட்டியது. வண்டியில் ஏற்றி அனுப்பினார். பத்தாவது நாள் மோட்டார் திரும்பி வந்தது.

"ஏனுங்க மேஸ்திரி, காயில் புதுசுதானுங்களே போட்டீங்க? பம்பைக் கழட்டிவிட்டு வெறும் மோட்டாரா ஓட்டுனாக்கூட ஒரு மணி நேரத்துல கை வைக்க முடியலீங்க."

"வச்சிட்டுப் போங்கண்ணா, நாளைக்குச் சொல்றேன்" என்றார் மேஸ்திரி. டாங் டெஸ்டரை மாட்டிப் பார்த்தால் சுமையில்லாமலே 6.8 ஆம்பியர் எடுத்தது. இந்த அளவு மோட்டாருக்கு ஐந்தரை, ஆறுதான் அவர் பார்த்து வந்தது. வித்தியாசம் கொஞ்சம்தான், அதை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது. சூடு காயிலில் பிறக்கிறதா, இரும்பில் பிறக்கிறதா? அதைப் பிரித்துப் பார்க்க ஒரு சோதனை உண்டு. அதை அவர் கற்று அப்போது ஓரிரு வருடம்தான் ஆகியிருந்தது.

தான் சுற்றிய காயிலைத் தானே வெட்டி எடுத்தார். வெறும் இரும்பு ஸ்டேட்டர். அதன் நடுத்துளை வழியாக உள்ளே விட்டு, வெளிப்பக்கமாகச் சுற்றிக் கொண்டுவந்து, ஒரு தடித்த கேபிளைப் பத்துச் சுற்றுப் போட்டார். இப்படிச் சுற்றினால் காந்தப்பாதை ஸ்டேட்டரின் முதுகைச் சுற்றி வட்டமாக ஓடும். எவ்வளவு வோல்ட் கொடுப்பது என்பதற்கு ஒரே ஒரு சூத்திரம்:

V = 4.44 × f × N × B × A

அடுக்கின் நீளம் 150 மில்லிமீட்டர். காயில் உட்காரும் பள்ளத்தின் அடியிலிருந்து வெளிவிளிம்புவரை முதுகின் கனம் 25. தகடுகளுக்கு இடையேயுள்ள பூச்சுக்காக 5 சதவீதம் கழித்தால் இரும்பின் பரப்பு 0.00356 சதுர மீட்டர். மோட்டார் ஓடும்போது இருப்பதுபோல் 1.3 டெஸ்லா வேண்டும். 50 சைக்கிளில் கணக்குப் போட்டால் ஒரு சுற்றுக்கு ஒரு வோல்ட்டுக்குச் சற்றே அதிகம். பத்துச் சுற்றுக்குப் பத்தேகால் வோல்ட். வேரியாக்கைத் திருகி அந்த வோல்ட்டேஜை வைத்து, வாட் மீட்டரைப் பார்த்தார். நல்ல இரும்பென்றால், கிலோவுக்கு 4 வாட் வீதம், 60 வாட் காட்ட வேண்டும். முள் 140-இல் நின்றது.

20 நிமிடம் அப்படியே விட்டார். உடலில் காயிலே இல்லை, இரும்பு மட்டும்தான். சும்மா கிடந்த இரும்பு கைக்குச் சுட்டது. துப்பாக்கிபோல் பிடிக்கும் தெர்மாமீட்டரால் வட்டமாகப் பார்த்துவந்தார். மொத்த உடலுமே சூடு. அதிலும் ஒரு பக்கம் உள்ளங்கை அகலத்துக்கு மற்ற இடங்களைவிட 15 டிகிரி அதிகம். 10 டிகிரியைத் தாண்டினாலே அந்த இடத்தில் கோளாறு என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே சாக்பீஸால் வட்டம் போட்டார்.

இரும்பு கெட்டிருக்கிறது என்பது உறுதி. எப்படிக் கெட்டது? இரும்பில் சூடு இரண்டு வழியில் பிறக்கிறது. ஒன்று தயக்கம். இன்னொன்று, காந்தம் மாறும்போது இரும்புக்குள்ளேயே சுழலும் சுழல் மின்னோட்டம். அதைத் தடுக்கத்தான் இரும்பைக் கட்டியாக வைக்காமல் அரை மில்லிமீட்டர் தகடுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் மெல்லிய பூச்சுக் கொடுத்து அடுக்குகிறார்கள். சிலிக்கானும் இரும்பின் மின்தடையை உயர்த்தி இதற்கு உதவுகிறது. இரண்டு சூட்டையும் பிரித்துக்காட்டும் ஒரு வழி இருக்கிறது. மேஸ்திரி அந்த ஸ்டேட்டரை ஆட்டோவில் ஏற்றி, தெரிந்த ஒரு பாலிடெக்னிக் ஆய்வகத்துக்குக் கொண்டுபோனார். அங்கே வேகத்தைக் குறைத்து ஓட்டக்கூடிய ஜெனரேட்டர் இருந்தது. 50 சைக்கிளுக்குப் பதில் 25 சைக்கிள் கொடுத்தார்கள். காந்தத்தின் அளவு மாறாதிருக்க வோல்ட்டேஜையும் பாதியாக்கினார்கள்.

தயக்கத்துக்கு வளையத்தின் எண்ணிக்கைதான் கணக்கு. சைக்கிள் பாதியானால் சூடும் பாதியாகும். சுழல் மின்னோட்டத்தின் சூடு சைக்கிளின் இருமடியைப் பொறுத்தது, அது கால்பங்காகும். அதாவது, 140 வாட்டும் தயக்கமாக இருந்தால் மீட்டர் 70 காட்ட வேண்டும். எல்லாமே சுழல் மின்னோட்டமென்றால் 35. மீட்டர் காட்டியது 42.

கணக்கைத் தீர்த்தால், 140-இல் தயக்கத்தின் பங்கு 28 வாட்தான். கிலோவுக்கு 2 வாட்டுக்கும் கீழே. இரும்பின் குணம் கெடவே இல்லை. மீதி 112 வாட் சுழல் மின்னோட்டம். தடவைக்குத் தடவை வாசலில் கொளுத்தியதில் தகடுகளுக்கு நடுவேயிருந்த பூச்சு கருகிப்போய், தகடும் தகடும் ஒட்டிக் கட்டி இரும்பாகிக்கொண்டிருந்தது. சாக்பீஸ் வட்டம் போட்ட இடத்தில் யாரோ அரம் போட்டுப் பள்ளத்தைச் சீர்செய்திருந்தார்கள். பிசிறு தகடுகளைப் பாலம் போட்டுக் கோத்திருந்தது.

விவசாய இணைப்புக்குக் கரண்ட் கட்டணம் இல்லை என்பதால் வீணாகும் வாட் அந்த விவசாயியின் சட்டைப்பைக்கு உறைக்காது. காயிலுக்கு உறைக்கும். பத்து டிகிரி சூடு கூடினால் இன்சுலேஷனின் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. எத்தனை தடவை செம்பைப் புதிதாகப் போட்டாலும் அந்த இரும்பு அதை வேகவைத்துக்கொண்டேதான் இருக்கும். "இதுல இனிமே காயில் போட்டா உங்க காசுக்குக் கேடுங்கண்ணா" என்று சொல்லி, சுற்றுக்கூலியைத் திருப்பிக் கொடுத்தார். விவசாயி வேறு மோட்டார் வாங்கிக்கொண்டார்.

அந்த வாரமே மேஸ்திரி கடைவாசலில் கொளுத்துவதை நிறுத்தினார். இப்போது காயிலின் ஒருபக்கத் தலையை வெட்டிவிட்டு ஸ்டேட்டரை அடுப்புக்குள் வைக்கிறார். தெர்மோகப்பிளின் முனை அடுப்பின் காற்றில் தொங்காமல், இரும்பையே தொட்டுக்கொண்டிருக்கும். 360 டிகிரியைத் தாண்டவிடமாட்டார். வார்னிஷ் சாம்பலாக ஐந்தாறு மணி நேரம் ஆகும். பொறுமை வேண்டும், மட்டையும் மண்ணெண்ணெயும் அரைமணியில் முடிக்கிற வேலை. ஒவ்வொரு ஸ்டேட்டருக்கும் அடுப்பில் வைப்பதற்கு முன் ஒரு தடவை, பின் ஒரு தடவை கேபிளைச் சுற்றி வாட் எடுத்துக் குறித்துவைக்கிறார். இரண்டு எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால்தான் புதுச் செம்பை வெட்டுவார். வளைந்த பல்லைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தவும் இப்போது விடுவதில்லை. அடிபட்ட இடத்தில் படிகம் நசுங்கி, டொமைன் சுவருக்கு முட்டுக்கட்டை விழும். மென்மையான இரும்பு அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் ஹேக்ஸா பிளேடாகும்.

இவ்வளவு கவனமும் இரும்பு காந்தத்தை விட்டுவிட வேண்டும் என்பதற்காக. அதே கடைக்கு, காந்தத்தை விடவே கூடாத பொருள் வரத் தொடங்கியபோது, நாற்பது வருடப் பழக்கமே மேஸ்திரியைக் கவிழ்த்தது.

எலெக்ட்ரிக் ஸ்கூட்டரின் பின்சக்கர ஹப் மோட்டார் அது. ஒரே மாதிரி இரண்டு வண்டிகள் வைத்துச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் ஒருவர், ஐப்பசி மழையில் தண்ணீர் புகுந்த ஒரு சக்கரத்தைக் கொண்டுவந்தார். மெக்கர் வைத்தால் இன்சுலேஷன் விழுந்திருந்தது. தண்ணீர் புகுந்த இண்டக்ஷன் மோட்டாருக்கு மேஸ்திரி செய்வது எப்போதும் ஒன்றுதான்: அடுப்பில் 120 டிகிரியில் ஒரு ராத்திரி. இதற்கும் அதையே செய்தார், சக்கரத்தைப் பிரிக்காமல், அப்படியே. காலையில் மெக்கர் அருமையாகக் காட்டியது.

இரண்டு நாளில் வண்டிக்காரர் வந்தார். முதலில் அவருக்குச் சந்தோஷம்தான். ஸ்டாண்ட் போட்டு முறுக்கினால் சக்கரம் முன்னைவிட வேகமாகச் சுற்றுகிறது. ஆனால் மருதமலை ரோட்டு ஏற்றத்தில் இரண்டு பைகளோடு வண்டி நின்றுவிடுகிறது, பேட்டரி சீக்கிரம் இறங்குகிறது, சக்கரம் கொதிக்கிறது.

வேகம் கூடியதைக் கேட்டதும் மேஸ்திரிக்குச் சுருக்கென்றது. இரண்டு சக்கரங்களையும் வரவழைத்தார். ஒரு சின்ன மோட்டாரின் பெல்ட்டால் ஒவ்வொன்றையும் நிமிடத்துக்கு 200 சுற்று ஓட்டி, மூன்று ஒயர்களில் ஏதாவது இரண்டுக்கு நடுவே எவ்வளவு வோல்ட் பிறக்கிறது என்று பார்த்தார். இந்த நிலையில் மோட்டார் ஒரு டைனமோ. வேகம் ஒன்றாக இருந்தால் வோல்ட்டேஜ் காந்தத்தின் பலத்தை அப்படியே காட்டும். அடுப்பில் வைக்காத சக்கரம் 13.6 வோல்ட். அடுப்பில் வைத்தது 10.9. காந்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு போயிருந்தது.

சுமையில்லாத சக்கரம், தானே பிறப்பிக்கும் வோல்ட்டேஜ் பேட்டரியைத் தொடும்வரை வேகமெடுக்கும். காந்தம் 80 சதவீதமானால் அந்த இடத்தைத் தொட 25 சதவீதம் அதிகம் சுற்ற வேண்டும். சந்தோஷமாகத் தெரிந்த வேகம் அதுதான். அதே இழுவிசைக்குக் கரண்டும் 25 சதவீதம் அதிகம் வேண்டும். காயிலின் சூடு கரண்டின் இருமடி என்பதால் 56 சதவீதம் கூடும். ஏற்றத்தில் திணறியதும், பேட்டரி இறங்கியதும், சக்கரம் கொதித்ததும் இந்த ஒரே காரணத்தால்.

அந்தச் சக்கரத்துக்குள் வெளிவளையத்தில் வரிசையாக ஒட்டியிருப்பவை நியோடிமியம், இரும்பு, போரான் சேர்ந்த காந்தங்கள். 1980களின் முதல் பாதியில் ஜப்பானில் மசாடோ சகாவாவும் அமெரிக்காவில் ஜான் க்ரோட்டும் தனித்தனி வழியில் உருவாக்கியது. ஸ்டாம்பிங்கின் காந்த நீக்குத்திறன் மீட்டருக்கு 50 ஆம்பியர் என்றால், இதற்கு ஒன்பது லட்சத்தை ஒட்டி. வளையம் ஒல்லியாக இல்லாமல், ஏறக்குறைய ஒரு பெட்டி மாதிரி அகலமாக நிற்கும். உள்ளே சில மைக்ரான் அளவே உள்ள பொடிப்படிகங்கள். ஒவ்வொன்றும் ஒரே ஒரு அச்சில்தான் காந்தத்தை ஏந்த விரும்பும். தயாரிக்கும்போதே எல்லா அச்சுகளையும் ஒரே பக்கம் திருப்பிவைத்து இறுக்கிவிடுகிறார்கள். எதிர்த்திசை டொமைன் ஒன்று உள்ளே தலைதூக்குவதே கஷ்டம். காயிலில் எவ்வளவு கரண்ட் போனாலும் இந்தக் காந்தம் தன் திசையை மாற்றிக்கொள்ளக் கூடாது. மோட்டாரின் இழுவையே அதில்தான் நிற்கிறது. பழைய ஸ்பீக்கர்களிலும் மேக்னட்டோக்களிலும் இருந்த அல்னிகோவின் நீக்குத்திறன் இதில் ஒரு சிறு பங்குதான். அதைக் கழற்றும்போது இரண்டு துருவத்துக்கும் குறுக்கே உடனே ஒரு இரும்புத் துண்டை வைக்கும்படி மேஸ்திரியின் குருநாதர் அடித்துச் சொல்லிக்கொடுத்திருந்தார். வைக்காவிட்டால் தன் சொந்தப் புலமே அதைக் கொஞ்சம் கரைத்துவிடும். நியோடிமியத்துக்கு அந்தக் கவலை இல்லை.

அதன் கவலை சூடு. அறையில் ஒன்பது லட்சம் இருக்கும் நீக்குத்திறன், ஒரு டிகிரி ஏற ஏற அரை சதவீதத்துக்கும் அதிகமாகக் குறைகிறது. 120 டிகிரியில் பாதிக்கும் கீழே வந்துவிடும். அகலமாக நின்ற வளையம் ஒடுங்கி, அதன் மூலை காந்தம் நிற்கும் இடத்தையே தாண்டி உள்ளே வந்துவிட்டால், காந்தத்தின் ஒரு பகுதி டொமைன்கள் எதிர்ப்பக்கம் திரும்பிவிடும். குளிர்ந்தபின் அவை தாமாகத் திரும்பி வராது. சாதாரண ரகத்துக்கு 80 டிகிரிதான் எல்லை. 150, 180 தாங்கும் ரகங்கள் உண்டு, விலை அதிகம். அந்தச் சக்கரத்தில் இருந்தது சாதாரண ரகம்போலும்.

காந்தத்தின் பொருள் கெடவில்லை என்பதால், மீட்டருக்கு 20 லட்சம் ஆம்பியருக்கு மேலான ஒரு புலத்தை ஒரு கணம் கொடுத்தால் பழைய பலம் திரும்பிவிடும். அதற்குப் பெரிய கெப்பாசிட்டர்களில் மின்சாரத்தைத் தேக்கி ஒரே அடியாக விடும் மெஷின் வேண்டும். குரோலரால் அதற்குப் பக்கத்தில்கூட வர முடியாது. மேஸ்திரி தன் செலவில் காந்தங்களை வாங்கினார். 150 டிகிரி ரகம்.

மொத்தம் 46 துண்டு. பழையதைச் சுரண்டி எடுத்து, வளையத்தைச் சுத்தம் செய்து, வடக்கு, தெற்கு, வடக்கு என்று மாற்றி மாற்றி ஒட்ட வேண்டும். கையிலிருந்து நழுவினால் துண்டு பக்கத்துத் துண்டின்மேல் பாய்ந்து விளிம்பு தெறிக்கும். விரல் நடுவில் மாட்டினால் ரத்தம் கட்டும். நடுநடுவே மரக்குச்சிகளைச் செருகி, ஒவ்வொன்றையும் மார்க்கர் பேனாவால் புள்ளிவைத்த பக்கம் பார்த்து இறக்கினார். ஒட்டிய பிசின் அடுப்பில்லாமல் தானே இறுக ஒரு நாள் விட்டார். உள்ளேயிருந்த ஸ்டேட்டரைத் தனியாக வார்னிஷ் பூசி, தனியாக அடுப்பில் உலர்த்தினார். அது மென்மையான சிலிக்கான் எஃகு, அதற்கு 120 டிகிரி ஒன்றும் செய்யாது.

மறுநாள் கூட்டிப் பூட்டி, பெல்ட்டை மாட்டி, 200 சுற்றுக்கு வைத்தபோது மீட்டர் 13.4 காட்டியது. பையன் அதை நோட்டில் எழுதி, அடியில் அந்தச் சக்கரத்தின் நம்பரையும் எழுதினான். அதன்பிறகு காந்தம் உள்ள எந்த மோட்டார் வந்தாலும், திருகாணியைத் தொடுவதற்கு முன் முதல் வேலை இந்த ஒரு எண்ணை எடுத்து எழுதுவதுதான். அடுப்பின் கதவில் சிவப்பு பெயிண்டில் இரண்டு வரி இருக்கிறது, மேஸ்திரியின் கையெழுத்திலேயே: "காயில் மட்டும். காந்தம் உள்ளே வராது."